நமக்குள்ள என்ன? கேட்க ஏற்ற வேளை எது?

டேட்டிங் ஆப்பைப் போனிலிருந்து நீக்கினால் ஆப் மட்டும்தான் போகும், கணக்கு போகாது. நீக்கியவரின் படமும் வயதும் 'பயணம் பிடிக்கும்' என்ற வரியும் பிறர் திரையில் வந்துகொண்டேதான் இருக்கும். கணக்கையே அழிக்க வேண்டுமானால் ஆப்புக்குள் போய், செட்டிங்ஸில் தேடி, கணக்கை அழிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். இது தெரியாததால் சென்னையிலும் பெங்களூரிலும் நடக்கும் சண்டைகள் கொஞ்சமல்ல. ஒரு தோழி ஸ்கிரீன்ஷாட் அனுப்புவாள்: "இது உன் ஆளுதானே?" அவன் ஆப்பை எப்போதோ எடுத்துவிட்டான். சத்தியம் செய்வான். அவள் நம்பமாட்டாள்.

அந்தச் சண்டையின் நடுவே யாராவது ஒருவர், "இனிமேல் வேற யாரையும் பார்க்க வேண்டாம்னு நீங்க ரெண்டு பேரும் எப்பப் பேசிக்கிட்டீங்க?" என்று கேட்டால் இருவரும் விழிப்பார்கள். பேசிக்கொள்ளவே இல்லை. அவள் அப்படி நினைத்துக்கொண்டாள், அவனும் அப்படி நினைத்துத்தான் ஆப்பை எடுத்தான். வாய்விட்டுச் சொல்லாத ஒப்பந்தத்தை மீறிவிட்டதாக இப்போது வழக்கு நடக்கிறது.

பழைய காதலில் இந்தக் குழப்பம் குறைவு. கல்லூரியிலோ தெருவிலோ பல மாதம் பார்த்து, பிறகு ஒருவர் 'புரபோஸ்' செய்வார். மற்றவர் சரி என்றால் அந்த ஒரு சொல்லில் எல்லாமே அடங்கிவிடும்: இனி நீதான், நாம் காதலர்கள், ஒருநாள் கல்யாணம். முதலில் சொல், பிறகுதான் சந்திப்பு. ஆப் வழியே அறிமுகமாகிறவர்களுக்கு இந்த வரிசை தலைகீழ். முதலில் காபி, அடுத்து சினிமா, அடுத்து வாராவாரம் சனிக்கிழமை. புரபோஸ் செய்யும் தருணம் ஒன்று வருவதே இல்லை. பெயர் வைக்காமலே ஆறு மாதம் ஓடிவிடும். இந்த நிலைக்கு உலகமெங்கும் இளைஞர்கள் 'சிச்சுவேஷன்ஷிப்' என்கிறார்கள். 2023-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் அந்த ஆண்டின் சொல்லுக்கான இறுதிப் பட்டியலில் அதையும் சேர்த்திருந்தார்கள்.

ஆகவே யாராவது ஒருவர் பேச்சை எடுத்தாக வேண்டும். எடுப்பதில் நம் ஊரில் நேரும் முக்கியத் தவறு, மூன்று கேள்விகளை ஒரே கேள்வியாகப் போட்டு இறக்குவது. வேறு யாரையாவது பார்க்கிறாயா என்பது ஒன்று. நாம் இருவரும் யார், நண்பர்களிடம் என்னவென்று சொல்லிக்கொள்வது என்பது இன்னொன்று. வீட்டில் சொல்வாயா, கல்யாணம் உண்டா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு 'யாரையும் பார்க்கவில்லை' என்று சட்டெனப் பதில் சொல்லக்கூடியவர், மூன்றாவதைக் கேட்டதும் ஊமையாகிவிடலாம். மூன்றையும் சேர்த்துக் கேட்டவருக்கு அந்த ஊமைத்தனம் ஒட்டுமொத்த மறுப்பாகப் படுகிறது. இன்னொரு விபத்தும் உண்டு. முதல் கேள்விக்கு வந்த 'ஆமாம், நீ மட்டும்தான்' என்ற பதிலை மூன்றாவதற்கும் வந்த பதிலாக எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் காத்திருப்பது. இரண்டாவது விபத்துதான் அதிகம் நடக்கிறது, அதிகம் வலிப்பதும் அதுதான்.

கேட்கத் தயங்குவது இந்தத் தலைமுறையின் கோழைத்தனம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது உண்மையில்லை. களவு ஒழுக்கத்தைப் பாடிய சங்கப் பாடல்களில் 'வரைவு கடாதல்' என்றே ஒரு துறை இருக்கிறது. இரவில் வந்து வந்து போகிற தலைவனிடம், மணந்துகொள்ளும் பேச்சை எடுப்பது அது. அங்கேயும் பெரும்பாலும் தலைவி நேரே கேட்பதில்லை, தோழிதான் கேட்கிறாள். தோழியும் எப்போதும் முகத்துக்கு நேராகக் கேட்பதில்லை. தலைவன் வேலிக்கு அப்பால் நிற்பது தெரிந்தே, அவன் காதில் விழும்படி தலைவியிடம் பேசுவாள். உரைகாரர்கள் இதைச் 'சிறைப்புறம்' என்பார்கள். ஊர் அலர் தூற்றுகிறது, தாய் வீட்டுக்குள் அடைத்துவிட்டாள், வேற்றார் பெண் கேட்டு வருகிறார்கள் என்று அவள் அடுக்குவதெல்லாம் அவனுக்கான செய்தி. இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் யாருக்கோ சொல்வதுபோல ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, 'அவன் பார்த்தானா' என்று பார்வையாளர் பட்டியலைத் திறந்து பார்ப்பது அதே சிறைப்புறம்தான். வேலி மட்டும் மாறியிருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். தகவல் தொடர்பு ஆய்வாளர்களான லெஸ்லி பாக்ஸ்டரும் வில்லியம் வில்மட்டும் 1984-ல், காதல் உறவில் இருப்பவர்கள் மறைமுகமாக வைக்கும் 'ரகசியச் சோதனை'களை வகை பிரித்தார்கள். விலகி நின்று, அவர் தேடி வருகிறாரா என்று பார்ப்பது ஒரு வகை. வேண்டுமென்றே தொல்லை கொடுத்து எவ்வளவு தாங்குவார் என்று பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது ஆள் ஒருவரைக் காட்டிப் பொறாமை வருகிறதா என்று பார்ப்பது, நண்பரிடம் விசாரிப்பது, 'இவங்க என் கேர்ள்ஃபிரண்ட்' என்று பிறர் முன் சொல்லிவிட்டு முகத்தைப் படிப்பது, இவையும் உண்டு. அடுத்த ஆண்டு, இருவருக்கிடையே பேசவே கூடாததாக ஒதுக்கிவைக்கும் விஷயங்கள் எவை என்று கேட்டார்கள். அதிகம் பேர் சொன்னது, 'எங்கள் உறவு எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான்' என்று. பேசினால் இருப்பதும் உடைந்துபோகும் என்ற பயம்.

இந்தச் சோதனைகளின் கோளாறு, அவற்றின் விடையை இருவிதமாகவும் படிக்கலாம் என்பது. இரண்டு நாள் மெசேஜ் போடாமல் இருந்து பார்க்கிறாள். அவனும் போடவில்லை. அக்கறை இல்லை என்று இவள் முடிவு செய்கிறாள். இவளுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது, தொந்தரவு செய்யக் கூடாது என்று அவன் ஒதுங்கி நிற்கிறான். சோதனை வைத்ததே அவனை விலக்கிவிட்டது. இப்படிச் சோதனை வைக்கும் எண்ணம் உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த நம்பகமான அறிகுறி இதுதான்.

எத்தனை வாரம் கழித்துக் கேட்கலாம் என்று பலர் கணக்குக் கேட்கிறார்கள். வாரக் கணக்கு உதவாது. வெளியூரில் இருப்பவரை மூன்று மாதத்தில் நாலு முறை பார்த்திருக்கலாம். பக்கத்து அலுவலகத்துக்காரரை ஒரே மாதத்தில் பதினைந்து முறை பார்த்திருக்கலாம். டென்வர் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஸ்டான்லியும் உடன் பணியாற்றியவர்களும் 2006-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு நல்ல அளவுகோல் இருக்கிறது. உறவுகளில் பெரிய மாற்றங்கள் பலவும் முடிவெடுத்து நடப்பதில்லை, அப்படியே வழுக்கிக்கொண்டு போய் நடந்துவிடுகின்றன என்பது அவர்கள் வாதம். வழுக்கிப் போன பிறகு திரும்பி வருவது கடினம்: சேர்ந்து எடுத்த வாடகை வீடு, பொதுவாகிப்போன நண்பர்கள், உறவு வெளியே தெரிந்துவிட்டதால் வரும் சங்கடம். அதனால் திரும்ப முடியாத, அல்லது திரும்பினால் ஏதாவது இழக்க வேண்டிய ஒரு படி வரும்போது, அதில் கால் வைக்கும் முன் கேட்க வேண்டும்.

நம் ஊரில் அந்தப் படிகள் எவை என்று ஊகிப்பது கஷ்டமில்லை. உடல் நெருக்கம் ஒன்று. இதில் கூச்சம் பார்க்கக் கூடாது. அவர் வேறு யாருடனாவது நெருக்கமாக இருக்கிறாரா என்பது உங்கள் உடல்நலக் கேள்வி. தமிழக அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. ஆனால் தொற்று ஏற்பட்ட உடனே சோதனையில் தெரியாது. சோதனையின் வகையைப் பொறுத்து ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். போன வாரம் வரை வேறொருவருடன் இருந்தவர் இன்று காட்டும் 'நெகட்டிவ்' சீட்டு போன வாரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. 'நாம் இருவர் மட்டும்' என்று பேசிய தேதியிலிருந்து கணக்கு வைத்துச் சோதித்தால்தான் அந்தச் சீட்டுக்கு மதிப்பு. அதுவரை ஆணுறை.

மற்றப் படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒருவருக்காக வேலை மாற்றத்தையோ வெளிநாட்டு ஆன்சைட்டையோ மறுப்பது, ஒரே ஃபிளாட்டுக்குக் குடிபோவது, வீட்டில் வந்த வரனைத் தட்டிக்கழிப்பது. கடைசியாகச் சொன்னதுதான் தமிழ்நாட்டுப் பெண்களுக்குப் பெரும்பாலும் முதலில் வருகிறது.

ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பலருடைய கதைகளைச் சேர்த்து நான் கட்டிய ஜோடி, யாரும் தன்னைத் தேட வேண்டாம். அவளுக்கு 27, பெருங்குடியில் வேலை, ஊர் திருச்சி. அவனுக்கு 29, கிண்டியில் வேலை, ஊர் சேலம். ஆப்பில் பேசத் தொடங்கி மூன்று மாதமாக வாராவாரம் சந்திக்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு வரனைப் பற்றி முடிவு சொல்ல வேண்டும் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார். பொங்கலுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. அவள் ஏற்கெனவே இரண்டு நாள் மெளனம், அலுவலக நண்பனுடன் ஒரு ஸ்டோரி, அவனுடைய அறைத்தோழனிடம் ஒரு விசாரிப்பு என மூன்று சோதனையும் வைத்துப் பார்த்துவிட்டாள். எதுவும் தெளியவில்லை.

இரவு பதினொன்றரைக்கு 'வி நீட் டு டாக்' என்று மெசேஜ் போட அவள் கை போகிறது. அதைப் போட்டால் அவன் காலை வரை தூங்காமல், எதற்கும் தற்காப்புப் பதில் தயாரித்துக்கொண்டு வருவான். சண்டை போட்ட மறுநாளும் வேண்டாம். அன்று சொல்லும் 'சரி' சமாதானத்துக்காகச் சொன்னது. குடித்திருக்கும்போதும், நெருக்கமாக இருந்த உடனேயும் கேட்டால் இனிப்பான பதில் கிடைக்கும். மறுநாள் அதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஓட்டலில் தோசை வந்துகொண்டிருக்கும்போது சர்வர் மூன்று முறை குறுக்கிடுவார். பிறந்தநாளன்று கேட்பது வன்முறை.

அவள் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கும்போது கேட்கிறாள். நடக்கும்போது பக்கவாட்டில் இருப்பதால் முகம் பார்த்தாக வேண்டிய நெருக்கடி இல்லை. இருவருமே விரும்பினால் வீட்டுக்குக் கிளம்பலாம். பேச்சு நீண்டாலும் அன்று வேறு வேலை இல்லை.

எப்படிக் கேட்கிறாள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. "நீ வேற யாரையும் பாக்கலல்ல?" என்று அவள் கேட்டிருந்தால், "சேச்சே, இல்லப்பா" என்ற பதில் தானாக வந்திருக்கும். பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால் எதிராளி அதைத் திருப்பிக் கொடுப்பார், அவ்வளவுதான். அவள் தன் நிலையை முதலில் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லணும், கேக்கவும் கேக்கணும். நான் ஒரு மாசமா ஆப் பக்கமே போகல. வேற யாரையும் பாக்குற எண்ணமும் இல்ல. எனக்கு நீ மட்டும் போதும்னு தோணுது. உனக்கு எப்படி இருக்கு? இப்பவே சொல்லணும்னு இல்ல."

தன்னுடையதைச் சொல்லாமல் அடுத்தவரின் நிலையை மட்டும் கேட்டால் அது விசாரணை. முதலில் நம் சீட்டைத் திறந்து வைத்தால் அவருக்கும் திறக்க மனம் வரும். இதில் ஆபத்து உண்டுதான். அவன் மறுத்தால் அவள் சொன்னது அவன் கையில் இருக்கும். ஆனால் அந்த மறுப்பு ஆறு மாதம் கழித்து வருவதைவிட இப்போது வருவது மலிவு.

அவன் பத்தடி நடந்து யோசித்துவிட்டுச் சொன்னான்: "நானும் வேற யாரையும் பாக்கல. பாக்கவும் வேணாம். ஆனா லவ்வர்ஸ்னு ஃபிரெண்ட்ஸ்கிட்ட சொல்ற அளவுக்கு நான் இன்னும் வரல. கொஞ்சம் டைம் குடு."

இதை அப்படியே கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் கேள்விக்கு ஆமாம், இரண்டாவதற்கு இன்னும் இல்லை. மனம் சோர்ந்தவர் இதை மறுப்பாகக் கேட்பார், ஆசை மிகுந்தவர் சம்மதமாகக் கேட்பார். இரண்டும் தவறு.

'டைம் குடு' என்பதில் இரண்டு ரகம் இருக்கிறது. எதற்காக, எதுவரை என்று கேட்டால் ஒரு ரகத்துக்குப் பதில் இருக்கும். "போன வருஷம் ஒரு பிரேக்கப், அதான் பயம். பொங்கலுக்கு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி சொல்றேன்" என்பது காரணமும் தேதியும் உள்ள அவகாசம். "இப்ப எல்லாம் நல்லாத்தானே போகுது, எதுக்குப் பேர் வைக்கணும்?" என்பது காலக்கெடு இல்லாத அவகாசம். அவருக்கு இப்போதைய நிலையே வசதியாக இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அந்த வசதி உங்களுக்கும் வசதிதானா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். நம் ஜோடியில் அவன் சொன்னது முதல் ரகம்.

அடுத்து அவள் கேட்டதுதான் பலரும் கேட்க மறப்பது. 'வேறு யாரும் இல்லை' என்றால் எதெல்லாம் இல்லை? ஆப் கணக்கை அழிப்பதா, மறைத்து வைப்பதா? பழைய காதலியோடு இரவுப் பேச்சு தொடர்ந்தால் அது எந்தக் கணக்கு? இருவரும் அங்கேயே போனை எடுத்துக் கணக்கை அழித்தார்கள். போனைக் காட்டு என்று அவள் கேட்கவில்லை. கேட்டு வாங்கிப் பார்க்கும் போன் அன்றைக்கு மட்டும்தான் சுத்தமாக இருக்கும்.

பிறகு அவள் கேட்டாள்: "மேட்ரிமோனி?"

"அது அம்மா பாத்துக்குறது. நான் உள்ள போயே ஒரு வருஷம் ஆச்சு."

"யாராவது பிடிச்சுப்போய் அம்மா பொண்ணு பாக்கக் கூப்பிட்டா?"

அவன் பதில் சொல்லவில்லை.

தமிழ் இளைஞர்களின் டேட்டிங்கில் வெளிநாட்டுக் கட்டுரைகளுக்குத் தெரியாத சந்து இதுதான். ஆப்பில் ஒருவர் தனக்காகத் தேடுகிறார். மேட்ரிமோனி தளத்தில் அவருக்காக அப்பா அம்மா தேடுகிறார்கள். ஜாதகம் போகிறது, புரோக்கர் வீட்டுக்கு வருகிறார். 'நீ மட்டும்தான்' என்று மனதாரச் சொன்னவரே அடுத்த மாதம் 'அம்மா மனசு கஷ்டப்படும்' என்று வேறொரு வீட்டில் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வருவார். ஏமாற்றியதாக அவருக்குத் தோன்றாது, ஏனென்றால் அவர் தேடவில்லை. சொஜ்ஜியை நீட்டிய அந்தப் பெண்ணும் ஒரு ஆள் என்பதை இருவருமே மறந்துவிடுகிறார்கள்.

அன்று கடற்கரையில் அவள் கல்யாணத்தைக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் கூடாது, மூன்று மாதத்தில் அதற்கு நேர்மையான பதில் அவனிடம் கிடையாது. தேடலை நிறுத்தி வைப்பாயா என்று மட்டும் கேட்டாள். மூன்றாவது கேள்விக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னப் படி அது. "இப்போதைக்கு வேணாம், ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்மா" என்று வீட்டில் சொல்ல ஒருவர் காதலை அறிவிக்க வேண்டியதில்லை, சாதி பற்றிய புயலைக் கிளப்ப வேண்டியதில்லை. அந்த ஒரு வாக்கியத்தைக்கூட வீட்டில் சொல்ல முடியாதவரால் பின்னால் பெரிய வாக்கியத்தைச் சொல்ல முடியுமா என்பது நியாயமான சந்தேகம்.

மூன்றாவது கேள்வியைக் கேட்கும் வேளை வரும்போதும் ஓர் எச்சரிக்கை. ஆறுதலுக்காகக் கல்யாண வாக்குக் கொடுக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-வது பிரிவின்படி, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் ஒரு பெண்ணிடம் கல்யாண வாக்குக் கொடுத்து உடலுறவு கொள்வது குற்றம், பத்தாண்டு வரை சிறை. உண்மையாகவே நினைத்துச் சொல்லி, பிறகு நிறைவேறாமல் போன வாக்கு வேறு. ஆனால் இரண்டையும் நீதிமன்றத்தில் பிரித்துக் காட்டும் நிலைமைக்குப் போகாமல் இருப்பது நல்லது. 'தெரியவில்லை' என்பது கெளரவமான பதில். கேட்டவருக்கு அது பிடிக்காது, ஆனாலும் அதை வைத்துக்கொண்டு அவரால் ஒரு முடிவுக்கு வர முடியும்.

பொங்கலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவன் அம்மாவிடம் பேசினான். மேட்ரிமோனி பக்கம் மறைக்கப்பட்டது. அவளும் திருச்சியில் அந்த வரன் வேண்டாம் என்று சொன்னாள். அவனுக்காக என்று சொல்லவில்லை, இப்போது தயாரில்லை என்று தனக்காகச் சொன்னாள். அப்படிச் சொன்னதால் நாளை இவர்கள் பிரிந்தாலும் 'உன்னால்தான் நல்ல வரன் போச்சு' என்ற கணக்கு அவன் தலையில் விழாது. கல்யாணம் நடக்குமா என்பது அவர்கள் இருவருக்கும் இன்னும் தெரியாது.

இதைப் படிக்கிறவர்களில் யாருடைய பெயரிலாவது வீட்டில் ஒரு மேட்ரிமோனி பக்கம் ஓடிக்கொண்டிருந்தால், அதன் பாஸ்வேர்டு அப்பாவிடம் இருந்தால், யாரிடமாவது 'நீ மட்டும்தான்' என்று சொல்வதற்கு முன் அப்பாவுக்கு ஒரு போன் செய்யுங்கள்.